அம்புக்குறிப் பட்டியலைத் தனித்தனி நெடுவரிசையாகப் பிரிப்பது எப்படி?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். அந்தப் பக்கத்தில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதித் தருவது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவது என்று ஓய்வு நேரத்தில் நான் செய்வதுண்டு. யார் எதற்காக வந்தார்கள் என்பதை போனில் கூகுள் ஷீட்ஸில் எழுதி வைப்பேன். ஒரு மனுவுக்கு ஒரு வரி. எந்தத் துறை, அதில் எந்தச் சேவை, அதில் என்ன வேலை என்பதை ஒரே கட்டத்தில் இப்படி அம்புக்குறி போட்டு எழுதுவது வழக்கம்:

```
வருவாய்த் துறை > பட்டா > பெயர் மாற்றம்
```

எழுதுவதற்கு இது சுலபம். படிக்கவும் சுலபம். ஆனால் எண்ணிப் பார்க்கவோ, பிரித்துப் பார்க்கவோ இது உதவாது. அதை நான் தெரிந்துகொண்டது ஒரு அம்மாவின் ஒரு நாள் கூலி போன பிறகுதான்.

அப்போது என் பட்டியலில் 37 வரி இருந்தது. அதில் 'பெயர் மாற்றம்' என்று தேடினேன். 9 வரி வந்தது. எல்லாமே பட்டா விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டு, "பத்திர நகல், வில்லங்கச் சான்று எடுத்துக்கிட்டு விழுப்புரம் தாலுக்கா ஆபீஸ் போயிட்டு வாங்க" என்று 9 பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, கரண்டு பில்லுல அவரு பேரை எடுத்துட்டு என் பேரைப் போடணும்னுதானே உங்கிட்ட சொன்னேன்? தாலுக்கா ஆபீசுல போயி நின்னா, இது ஈபி வேலைம்மா, இங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறாங்க. இன்னைக்கு வேலைக்கும் போகலை, பஸ்சு காசும் போச்சு."

தப்பு என்னுடையது. 'பெயர் மாற்றம்' என்பது பட்டாவிலும் உண்டு, மின் இணைப்பிலும் உண்டு, வீட்டு வரியிலும் உண்டு. கடைசிச் சொல் ஒன்றாக இருந்தாலும் போக வேண்டிய அலுவலகம் வேறு, கொடுக்க வேண்டிய காகிதம் வேறு. அந்த வித்தியாசம் முழுவதும் அம்புக்குறிக்கு இடது பக்கத்தில் இருக்கிறது. அது தனி நெடுவரிசையாக இருந்தால்தான் ஷீட் அதைப் பார்த்து எண்ணும். அன்று ராத்திரியே உட்கார்ந்து பிரித்தேன். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஃபார்முலா எல்லாமே போனில் உள்ள கூகுள் ஷீட்ஸ் செயலியிலேயே வேலை செய்யும். கணினி கட்டாயம் இல்லை.

முதலில் என் பட்டியலில் இருந்த மாதிரியே ஐந்து வரிகளைப் பாருங்கள். இவை A நெடுவரிசையில் A2 முதல் A6 வரை இருக்கின்றன. A1-ல் தலைப்பு.

```
வருவாய்த் துறை > பட்டா > பெயர் மாற்றம்
மின்வாரியம் -> பெயர் மாற்றம்
ஊராட்சி → வீட்டு வரி → பெயர் மாற்றம்
உணவு வழங்கல்>>குடும்ப அட்டை>>முகவரி மாற்றம்
வருவாய்த் துறை > > வருமானச் சான்றிதழ்
```

அம்புக்குறி நான்கு விதமாக இருப்பதைக் கவனித்தீர்களா? அவசரத்தில் நாம் ஒரு நாள் ஒரு மாதிரி போடுவோம். கணினியில் வேர்டில் எழுதினால் இரண்டு கோடும் ஒரு குறியும் சேர்ந்து தானாகவே → என்று மாறிவிடும். வேறு ஒருவர் அனுப்பியதை அப்படியே ஒட்டினால் அவர் பழக்கமும் கூடவே வரும். கண்ணுக்கு எல்லாம் அம்புதான். ஷீட்டுக்கோ நான்கும் வேறு வேறு எழுத்து.

பிரிப்பதற்கு கூகுள் ஷீட்ஸில் இருக்கும் ஃபார்முலா SPLIT. நானும் முதலில் நேராக இப்படித்தான் போட்டேன்:

```
=SPLIT(A2," > ")
```

மூன்று நெடுவரிசை வரும் என்று பார்த்தால் ஆறு வந்தது. 'வருவாய்த்' ஒரு கட்டம், 'துறை' ஒரு கட்டம், 'பட்டா' ஒன்று, 'பெயர்' ஒன்று, 'மாற்றம்' ஒன்று... எண்ணிப் பார்த்தால் ஐந்துதான். ஆறாவது என்று நினைத்தது பக்கத்தில் ஏற்கெனவே இருந்த தேதி. காரணம் என்னவென்றால், மேற்கோள் குறிக்குள் நாம் கொடுத்ததை SPLIT ஒரே குறியாகப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து, எது வந்தாலும் அங்கே வெட்டும். இடைவெளியும் ஒரு எழுத்துதான். அதனால் சொல்லுக்குச் சொல் துண்டாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக எழுதுபவர்களுக்கு இது தெரியாமலே போகலாம். தமிழில் 'வருவாய்த் துறை' என்று இரண்டு சொல்லாக எழுதும் நமக்கு முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்தாவது வரியில் இரண்டு அம்புக்கு நடுவில் எதுவும் எழுதவில்லை. அப்படிக் காலியாக இருந்தால் SPLIT அதைத் தானாகவே விட்டுவிடும். விளைவு, மூன்றாவது இடத்தில் இருக்க வேண்டிய 'வருமானச் சான்றிதழ்' இரண்டாவது இடத்துக்கு நகர்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்ப்பதற்குச் சுத்தமாகவே இருக்கும். இந்த மாதிரித் தப்புதான் ஆபத்து.

ஆகவே இரண்டு படியாகச் செய்யலாம். முதல் படியில் எல்லா அம்புகளையும் ஒரே குறியாக மாற்றி, அதன் இரு பக்கத்து இடைவெளியையும் எடுத்துவிடுவோம். B2 கட்டத்தைத் தொட்டு, கீழே fx என்று இருக்கும் பட்டையில் இதை எழுதுங்கள்:

```
=REGEXREPLACE(TRIM(A2),"\s*([-=]*>+|→|»)\s*",">")
```

பார்க்க பயமாக இருக்கலாம். உள்ளே நடப்பது இவ்வளவுதான். TRIM என்பது முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை எடுக்கிறது. \s* என்றால் 'இடைவெளி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி'. அடைப்புக்குள் இருப்பது அம்பு எந்தெந்த வடிவத்தில் வரலாம் என்ற பட்டியல். நடுவில் உள்ள நிமிர்ந்த கோடு 'அல்லது' என்று பொருள். [-=]*>+ என்பது >, >>, ->, => எல்லாவற்றையும் பிடித்துவிடும். உங்கள் பட்டியலில் வேறு வடிவ அம்பு இருந்தால், அதை அப்படியே காப்பி செய்து, முன்னால் ஒரு | போட்டு அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது நான்காவது வரியும் முதல் வரியும் ஒரே பாணிக்கு வந்துவிடும்.

```
வருவாய்த் துறை>பட்டா>பெயர் மாற்றம்
```

சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி பத்திரமாக இருப்பதைப் பாருங்கள். அம்பை ஒட்டிய இடைவெளி மட்டும்தான் போயிருக்கிறது.

இரண்டாவது படி C2-ல்:

```
=SPLIT(B2,">",FALSE,FALSE)
```

இதில் முதல் FALSE, 'எழுத்து எழுத்தாக வெட்டாதே, கொடுத்ததை முழுசாகப் பார்' என்று சொல்கிறது. இங்கே குறி ஒரே எழுத்துதான் என்பதால் அது இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் பழக்கத்துக்கு நல்லது. இரண்டாவது FALSE-தான் முக்கியம். 'நடுவில் காலியாக இருந்தால் அந்த இடத்தைக் காலியாகவே விடு' என்று அர்த்தம். இப்போது ஐந்தாவது வரியில் C-ல் 'வருவாய்த் துறை', D காலி, E-ல் 'வருமானச் சான்றிதழ்' என்று அதனதன் இடத்தில் நிற்கும்.

C1, D1, E1, F1 ஆகியவற்றில் துறை, சேவை, வேலை, விவரம் என்று தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு B2, C2 இரண்டையும் காப்பி செய்து, கீழே உள்ள வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் போதும். SPLIT தானாகவே வலது பக்கம் பரவும் என்பதால் D, E, F-ல் நாம் எதுவும் எழுதக் கூடாது. அங்கே ஏற்கெனவே பெயரோ தேதியோ இருந்தால் C-ல் #REF! என்று காட்டிவிட்டுப் பரவாமல் நின்றுவிடும். பக்கத்தில் நான்கு நெடுவரிசை காலியாக இருக்கட்டும். நான்கு நிலை எதற்கு என்றால், பட்டா மாறுதலில் உட்பிரிவு இல்லாதது, உட்பிரிவு உள்ளது என்று ஒரு பிரிவு கீழே வரும். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், அதனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்முலாவை ஒட்டுகிறீர்கள் என்றால், மேற்கோள் குறியைப் பாருங்கள். சில போன்களின் கீபோர்டு நேர்க்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். அப்படி மாறியிருந்தால் #ERROR! வரும். அந்தக் குறிகளை மட்டும் அழித்துவிட்டு ஷீட்டுக்குள்ளேயே மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

இனி இரண்டாவது வரிக்கு வருவோம். 'மின்வாரியம் -> பெயர் மாற்றம்'. இதில் இரண்டு நிலைதான் இருக்கிறது. பிரித்த பிறகு 'பெயர் மாற்றம்' என்பது D-ல், அதாவது சேவை என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துவிட்டது. மற்ற வரிகளில் அது E-ல், வேலை என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. E-ஐ மட்டும் எண்ணினால் மின்சார மனு ஒன்றுகூட கணக்கில் வராது. அந்த அம்மாவின் மனு முதலில் தப்பான கூட்டத்தில் சேர்ந்தது. இப்போது எந்தக் கூட்டத்திலும் சேராமல் போய்விடும். எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். தப்பான அலுவலகத்துக்குப் போனவராவது திரும்பி வந்து நம்மைக் கேட்பார்.

இதை ஃபார்முலாவால் சரிசெய்ய முயல வேண்டாம். எந்த நிலை விட்டுப்போயிருக்கிறது என்பது ஷீட்டுக்குத் தெரியாது, எழுதியவருக்குத்தான் தெரியும். A3-க்கே போய் 'மின்வாரியம் > மின் இணைப்பு > பெயர் மாற்றம்' என்று நடு நிலையைச் சேர்த்துவிடுங்கள். மற்றவை தானாக மாறிக்கொள்ளும். ஆனால் கீழ் நிலை உண்மையிலேயே இல்லாத சேவைகளும் உண்டு. அங்கே வலது பக்கக் கட்டம் காலியாக இருப்பதே சரி. 'பொது', 'மற்றவை' என்று இட்டு நிரப்பினால் பின்னால் அதுவே ஒரு வகையாக எண்ணிக்கையில் வந்து குழப்பும்.

37 வரியைக் கண்ணால் பார்த்துவிடலாம். 300 வரி இருந்தால்? அதற்காக இரண்டு சோதனை வைத்திருக்கிறேன். ஒன்று, பிரித்ததை மறுபடி ஒட்டிப் பார்ப்பது. H2-ல் இதைப் போட்டுக் கீழே வரை காப்பி செய்யுங்கள்:

```
=TEXTJOIN(">",TRUE,C2:F2)=B2
```

பிரித்த துண்டுகளைச் சேர்த்தால் பழைய வரியே வர வேண்டும். வந்தால் TRUE. நடுவில் காலி நிலை இருந்தாலோ, கடைசியில் ஒரு அம்பு தொங்கிக்கொண்டிருந்தாலோ, ஐந்தாவது நிலை ஒன்று F-ஐத் தாண்டி G-க்குப் போயிருந்தாலோ FALSE என்று காட்டும். நம் ஐந்து வரியில் ஆறாவது கட்டமான H6 மட்டும் FALSE. A6-ல் நடுவில் 'சான்றிதழ்' என்று எழுதியதும் அது TRUE ஆகிவிட்டது. A நெடுவரிசையில் ஒன்றும் எழுதாத வரி இருந்தால் C-ல் #VALUE! வரும், அது காலி வரி என்பதற்கான அடையாளம்தான், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது சோதனை, ஒவ்வொரு நிலையிலும் என்னென்ன பெயர்கள் வந்திருக்கின்றன என்று ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்ப்பது. ஓரமாக, J2-ல்:

```
=SORT(UNIQUE(C2:C))
```

இங்கே துறைகளின் பெயர்கள் மட்டுமே வர வேண்டும். என் பட்டியலில் 'வருவாய்த் துறை', 'வருவாய்துறை', 'ரெவின்யூ' என்று ஒரே துறை மூன்று பெயரில் நின்றது. இன்னொரு ஆச்சரியம், துறைப் பட்டியலில் 'பெயர் மாற்றம்' வந்து நின்றது. போய்ப் பார்த்தால் தம்பி ஒருவன் எனக்குப் பதிலாக எழுதிய நாளில், முகவரி எழுதுகிற பழக்கத்தில், சின்னதிலிருந்து பெரியதாக 'பெயர் மாற்றம் > பட்டா > வருவாய்த் துறை' என்று தலைகீழாக எழுதியிருந்தான். முதல் சோதனை இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஒட்டினால் அதே வரிதான் வரும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். C-ஐ D என்று மாற்றிப் போட்டு இரண்டாவது நிலையையும் இப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயர் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிந்தும் தனித்தனியாக வந்தால், 'தொ', 'கோ' போன்ற எழுத்துகளில் ஒன்று வேறு கீபோர்டில் இரண்டு துண்டாக அடிக்கப்பட்டிருக்கலாம். ஒன்றைக் காப்பி செய்து மற்றதன் மேல் ஒட்டுவதுதான் எளிய வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலர் பட்டா வரியின் கடைசியில் சர்வே எண்ணையும் அம்பு போட்டு எழுதிவிடுவார்கள். 12/3 என்று இருந்தால் SPLIT அதைத் தேதி என்று நினைத்து, தேதியாகவோ சம்பந்தமில்லாத ஒரு எண்ணாகவோ மாற்றிவிடும். முன்னால் சைபர் உள்ள எண்ணாக இருந்தால் சைபர் காணாமல் போகும். சோதனைக் கட்டம் FALSE காட்டிக்கொடுக்கும் என்றாலும், முதலிலேயே அதை அங்கே எழுதாமல் இருப்பது நல்லது. சர்வே எண் ஒரு வகை அல்ல, அந்த ஒரு மனுவின் விவரம். அதற்குத் தனி நெடுவரிசை வைத்து, அதன் வடிவத்தை வெறும் எழுத்து என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணை இந்த மாதிரி ஷீட்டில் எங்குமே எழுத வேண்டாம்; பலருக்கும் பகிர்கிற ஷீட் இது.

எல்லாம் TRUE ஆன பிறகு எண்ணுவது ஒரு வரி வேலை. பட்டாவில் எத்தனை பெயர் மாற்றம் என்று கேட்க:

```
=COUNTIFS(D2:D,"பட்டா",E2:E,"பெயர் மாற்றம்")
```

என் பட்டியலில் 3 என்று வந்தது. 'பட்டா' என்ற இடத்தில் 'மின் இணைப்பு' என்று மாற்றினால் 4. 'வீட்டு வரி' என்றால் 2. ஆக, 9 பேரில் 3 பேர்தான் விழுப்புரம் போக வேண்டியவர்கள். 4 பேர் மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்துக்கும், 2 பேர் அவரவர் ஊராட்சி அலுவலகத்துக்கும் போனால் போதும். மீதி 6 பேருக்கும் அன்றைக்கே போன் செய்து சொன்னேன். இரண்டு பேர் அதற்குள் விழுப்புரம் போய் வந்துவிட்டிருந்தார்கள்.

கணினியில் எக்செல் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: மைக்ரோசாஃப்ட் 365 என்றால் SPLIT-க்குப் பதில் TEXTSPLIT. அது காலி இடத்தைத் தானாகவே காலியாக விடும், 12/3-ஐயும் தேதியாக மாற்றாது.

```
=TEXTSPLIT(B2,">")
```

பழைய எக்செல் என்றால் முதலில் Find & Replace வைத்து எல்லா அம்பையும் > என்று மாற்றி, பிறகு Data பகுதியில் Text to Columns எடுத்து, Delimited, அதில் Other என்ற இடத்தில் > என்று கொடுங்கள். Treat consecutive delimiters as one என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் காலி நிலை விழுங்கப்பட்டு மேலே சொன்ன அதே நகர்தல் நடக்கும். கடைசித் திரையில் நெடுவரிசைகளை Text என்று குறித்துவிடுங்கள்.

பிரித்த ஷீட்டை வேறு யாருக்காவது அனுப்பும்போது A, B நெடுவரிசைகளை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று தோன்றும். அழித்தால் C-ல் இருந்தது #REF! ஆகி, D முதல் F வரை பரவியிருந்தவை காலியாகிவிடும், ஏனென்றால் அவை B-ஐப் பார்த்துத்தான் வாழ்கின்றன. முதலில் C முதல் F வரை தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, புதிய ஷீட் ஒன்றில் Paste special, அதில் Paste values என்று ஒட்டுங்கள். ஃபார்முலா போய் வெறும் எழுத்து மட்டும் நிற்கும். அம்புக்குறி போட்ட பழைய ஷீட்டை நான் இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறேன். புது மனு வந்தால் அங்கேதான் எழுதுகிறேன். ஃபார்முலாவைக் கீழே ஒரு வரி இழுத்து, H-ல் TRUE வந்ததா என்று பார்த்த பிறகுதான் செய்தி அனுப்புகிறேன்.